கேள்வியில் இருந்த மஞ்சள் மூடி

ஹோட்டலின் இரண்டாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. வாசலில் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வைத்து எல்லோருடைய போனையும் அதில் போடச் சொன்னார்கள். பிறகு ஆளுக்கொரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இந்த அறைக்குள் படிக்கிற எந்தக் கேள்வியையும் வெளியே யாரிடமும் பேசமாட்டேன் என்ற உறுதிமொழி அது. உணவுத் தரத்துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சான்றிதழ்த் தேர்வு உண்டு. அதற்குப் புதுக் கேள்விகளைச் சரிபார்க்கும் குழுவாக அவர்கள் கூடியிருந்தார்கள்.

குழுவில் மூன்று பேர். அவரவர் கம்பெனி விற்கிற பொருளே அவரவர் பெயராகிவிட்டது. ஒருவர் எண்ணெய்க்காரர், ஒருவர் பிஸ்கட்காரர், மூன்றாமவள் தேன்காரம்மா. நாலாவதாகத் தேர்வு நடத்தும் அமைப்பிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவருக்கு உணவைப் பற்றி எதுவும் தெரியாது, கேள்வியைப் பற்றி எல்லாம் தெரியும். அவரை வாத்தியார் என்று அழைத்தார்கள்.

தேன்காரம்மா அவளுடைய அண்ணனின் கம்பெனியில்தான் தர மேலாளர். மொத்தமாக டிரம்மில் வருகிற தேனை வடிகட்டி, பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புவது அவர்கள் தொழில். அண்ணன் முதலாளி. கொள்முதல் பார்ப்பவர் அண்ணனின் மைத்துனர், அதாவது அண்ணியின் தம்பி. இப்படி ஒரு குடும்பக் கம்பெனியில் தரம் பார்ப்பது, கல்யாண வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்வதைப் போன்றது. குறை சொல்லலாம், ஆனால் பிறகு யாரும் கூப்பிடமாட்டார்கள்.

அன்றைய பகுதி உணவு மோசடியும் உணவுக் காவலும். இரண்டும் ஒன்றல்ல என்பதைப் புரியவைப்பதற்கே காலைப் பொழுது போய்விட்டது. காசுக்காக ஏமாற்றுவது மோசடி. விலை உயர்ந்த பொருளில் மலிவானதைக் கலப்பது, ஊர்ப் பெயரை மாற்றி எழுதுவது எல்லாம் அதில் வரும். கெடுதல் செய்யவேண்டும் என்றே ஒருவன் உணவில் எதையாவது போடுவதைத் தடுப்பது காவல். பூட்டு, கேமரா, யார் உள்ளே வரலாம் என்ற கட்டுப்பாடு எல்லாம் இந்தப் பக்கம். இரண்டுக்கும் தனித்தனியாக, எங்கே ஓட்டை இருக்கிறது என்று முன்கூட்டியே யோசித்து மதிப்பிட்டு வைக்கவேண்டும். எண்ணெய்க்காரருக்கு மட்டும் எந்தக் கேள்விக்கும் கேமராதான் பதில். கலப்பட எண்ணெய் லாரியில் வந்தால் என்ன செய்வது என்று கேட்டாலும், இறக்குகிற இடத்தில் கேமரா வைக்கலாம் என்றார். கலப்படம் நடப்பதை அல்ல, கலந்து முடித்ததை இறக்குவதைத்தான் அந்தக் கேமரா படம் பிடிக்கும் என்று பிஸ்கட்காரர் சொன்னபோது, அப்படியென்றால் இரண்டு கேமரா என்றார்.

மதியத்துக்குப் பிறகு பிஸ்கட்காரர் எழுதிய கேள்வி ஒன்று திரையில் வந்தது. ஒரு கம்பெனிக்குப் பல வருடமாக ஒரே சப்ளையரிடமிருந்து தேன் வருகிறது. கடும் வறட்சியால் அந்தப் பகுதியில் தேன் விளைச்சல் பாதியாகிவிட்டது. எல்லோருடைய விலையும் ஏறியிருக்கிறது. இந்தச் சப்ளையர் மட்டும் பழைய விலையிலேயே, கேட்டதைவிட அதிகமாகவே கொடுக்கிறார். கரும்பு, சோளப் பாகு கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரே ஒரு சோதனையின் சான்றிதழ் ஒவ்வொரு லோடோடும் வருகிறது. தேன் மஞ்சள் மூடி போட்ட நீல டிரம்களில் வருகிறது. தர மேலாளர் முதலில் என்ன செய்யவேண்டும்?

விடைகள் நான்கு. அ, சான்றிதழ் இருப்பதால் ஏற்றுக்கொள்வது. ஆ, இறக்குமிடத்தில் கேமரா வைப்பது. இ, மோசடி மதிப்பீட்டை மறுபடி செய்து, வெளி லேபுக்குத் தானே மாதிரி அனுப்புவது. ஈ, அடுத்த வருடத் தணிக்கை வரை காத்திருப்பது.

வாத்தியார் வழக்கம்போலக் கத்திரியை எடுத்தார். இ-யில் இரண்டு வேலை இருக்கிறது, மற்ற விடைகளில் ஒன்றுதான், நீளத்தைப் பார்த்தே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று லேபை வெட்டினார். பிறகு டிரம்முக்கு வந்தார். டிரம்மின் நிறத்துக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் பிஸ்கட்காரர். சம்பந்தமில்லாத விவரம் கேள்வியில் இருக்கக்கூடாது என்று அந்த வரியை அழித்தார்.

தேன்காரம்மா அதற்குள் படித்திருந்தாள். அவளுடைய கிடங்கில் மஞ்சள் மூடி போட்ட நீல டிரம்கள் கூரை வரை அடுக்கியிருந்தன.

அவளுக்குக் கன்னம் சூடானது. வறட்சிச் செய்தியை அவள் படித்திருந்தாள். விலை ஏறாததும் தெரியும், மைத்துனர் அதைச் சொல்லிச் சொல்லியே சம்பள உயர்வு வாங்கியவர். சான்றிதழில் ஒரே சோதனைதான் இருக்கிறது என்பதும் தெரியும், ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்ததே அவள்தான். அரிசிப் பாகைக் கலந்தால் அந்தச் சோதனை கண்டுகொள்ளாது என்பதை இதே குழுவில் போனமுறை அவளே ஒரு கேள்வியாக எழுதியிருக்கிறாள். டிரம்மின் நிறத்தைத் தவிர அந்தக் கேள்வியில் அவளுக்குப் புதிதாக எதுவுமே இல்லை. ஆனாலும் மூடியைப் பார்த்த பிறகுதான் கேள்வி அவளைப் பார்த்தது.

அடுத்து, சரியான விடையில் ஒரு தகராறு. அ என்பதும் முழுக்கத் தப்பில்லையே என்றார் எண்ணெய்க்காரர். நடைமுறையில் எல்லோரும் அதைத்தானே செய்கிறோம், நாமே தப்பு என்று எப்படி எழுதுவது என்று நியாயமாகக் கேட்டார். வாத்தியார் அமைதியாக, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதல்ல, என்ன செய்யவேண்டும் என்பதுதான் கேள்வி என்று விளக்கினார். குழுவின் மூவரும் தாளைக் குனிந்து பார்த்தார்கள்.

பிறகு ஒவ்வொருவரும் ஓர் எண் எழுதவேண்டும். பாஸாகும் எல்லைக்கோட்டில் தட்டுத் தடுமாறி நிற்கிற நூறு பேரைக் கற்பனை செய்துகொண்டு, அதில் எத்தனை பேர் இதற்குச் சரியாகப் பதில் சொல்வார்கள் என்று கணிக்கவேண்டும். அதை வைத்துத்தான் பாஸ் மார்க்கை முடிவு செய்வார்கள். எண்ணெய்க்காரர் நாற்பது என்றார். பிஸ்கட்காரர் அறுபது. தேன்காரம்மா தொண்ணூறு என்று எழுதியிருந்தாள். இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று வாத்தியார் கேட்டார்.

“தெரியாததாலயா சார் யாரும் செய்யாம இருக்காங்க?” என்றாள்.

வாத்தியார் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

தேநீர் இடைவேளையில் பிஸ்கட்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். கோப்பையில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார், அது கரைந்து வெகுநேரமாகியிருந்தது.

“டிரம்மு வரி வந்தப்போ உங்க முகம் மாறிச்சு மேடம்.”

“வெயில்.”

“ஜன்னலே இல்லியே.” கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: “நாங்க போன வருஷம் அந்த சப்ளையர்கிட்ட வாங்கறத நிறுத்திட்டோம், இருந்த டிரம்மையும் திருப்பி அனுப்பிட்டோம். பெரிய சோதனை போட்டுப் பாத்தோம், பாதி அரிசிப் பாகு. வேற யாருக்கோ இப்ப நல்லா போகுதுன்னு கேள்வி. உங்களுக்கு இல்லியே?”

“இல்ல” என்றாள். பொய் தானாகவே வந்தது. பிறகு, கண்டுபிடித்ததை வெளியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“எப்படிச் சொல்றது? சொன்னா, அதுக்கு முன்னாடி வித்த பிஸ்கட்ல என்ன இருந்துச்சுன்னு கேப்பாங்க. வாயத் திறக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டார். மனசு கேக்கல. அதான் கேள்வியா எழுதிட்டேன்.”

அதாவது, நாடே தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு விஷயத்தை, வெளியே சொல்லமாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட மூன்று பேரிடம் அவர் சொல்லியிருக்கிறார். அவருக்கு அதிலேயே பாரம் இறங்கிவிட்டது. இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் தேன்காரம்மா கம்பெனியின் மோசடி மதிப்பீட்டை எடுத்துப் பார்த்தாள். தேன் என்ற வரிசைக்கு எதிரே ‘அபாயம்: குறைவு’ என்று இருந்தது. காரணம், ‘நீண்டகால நம்பகமான சப்ளையர்’. வருடா வருடம் தேதியை மட்டும் மாற்றி அவளே போட்டது. அதே கோப்பில் உணவுக் காவல் பகுதி பிரமாதமாக இருந்தது. தொட்டி மூடிக்குப் பூட்டு, நடைபாதை முழுக்கக் கேமரா, தொழிலாளர்கள் சட்டைப்பை இல்லாத உடை போடவேண்டும் என்ற விதி. பாட்டில் நிரப்புகிற பெண்கள் எதையாவது போட்டுவிடுவார்களோ என்று பத்துக் கண் பார்த்துக்கொண்டிருக்க, பாகு மட்டும் முன்வாசல் வழியாக, காவலாளியின் சல்யூட்டோடு லாரியில் வந்துகொண்டிருந்தது.

குழுவில் படித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. வறட்சிச் செய்தி ஊரறிந்தது. அதை வைத்து மதிப்பீட்டை மறுபடி செய்தாள். விளைச்சல் குறைவு, விலை ஏறவில்லை, இந்தப் பொருளில் மோசடி நடந்த வரலாறு உண்டு, நம்மிடம் இருக்கிற சோதனை எளிதில் ஏமாறும். எப்படிக் கூட்டினாலும் ‘அதிகம்’ என்றுதான் வந்தது. கிடங்கிலிருந்து தானே மாதிரி எடுத்து, அரிசிப் பாகையும் கண்டுபிடிக்கிற சோதனை வசதியுள்ள வெளி லேபுக்கு அனுப்பினாள். முடிவு வந்தபோது அவள் முழுதாகப் படிக்கக்கூட இல்லை. அரிசிப் பாகு என்பது முதல் வரியிலேயே இருந்தது. டிரம்களின் மேல் சிவப்பு நாடா ஒட்டி, பாட்டிலுக்குப் போகாமல் நிறுத்தி வைத்தாள்.

அண்ணன் அன்று சாயங்காலமே வீட்டுக்குக் கூப்பிட்டார். மைத்துனரும் இருந்தார். அண்ணி சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, தேன்காரம்மாவின் தட்டில் மட்டும் பரிமாறாமல் உள்ளே போய்விட்டாள்.

மைத்துனருக்குக் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. அவர் லஞ்சம் வாங்குகிற ஆளில்லை. விலை குறைவாகக் கிடைத்தால் சந்தோஷப்படுகிற ஆள், அவ்வளவுதான். மார்க்கெட்டே ஏறும்போது தான் மட்டும் ஏற்றாமல் வாங்கியது தன் பேச்சுத் திறமை என்றே நம்பியிருந்தார். சப்ளையர் ஏமாற்றினான் என்பதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார், அந்தத் திறமை இல்லை என்று ஆனதைத்தான் தாங்க முடியவில்லை.

“அக்கா, திடீர்னு ஏன் சந்தேகம் வந்துச்சு உங்களுக்கு? யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல தம்பி. பேப்பர் படிச்சேன்.”

“இவ்வளவு வருஷமா படிக்கலியா?”

 அது சரியான கேள்வி என்பது அவளுக்குத் தெரிந்தது.

அண்ணன் ஒரு சமாதானம் சொன்னார். மீதி டிரம்களைச் சத்தமில்லாமல் சப்ளையருக்கே திருப்பி அனுப்பிவிடுவோம், இனி வாங்கவேண்டாம், பேச்சை இத்தோடு விடு என்றார். பிஸ்கட் கம்பெனி செய்ததும் இதேதான். திருப்பி அனுப்பிய டிரம்கள் எங்கே போகும் என்பது இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். அடுத்து யாருடைய வாசலில் சல்யூட் வாங்கும் என்பதுதான் தெரியாது. திருப்பி அனுப்பினால் சரக்கின் விவரத்தோடு அதிகாரிகளுக்கும் தெரிவித்துவிட்டுத்தான் அனுப்பவேண்டும் என்றாள். கடைகளில் இருக்கிற பாட்டில்கள் என்னாவது என்றும் கேட்டாள்.

“பாகு சாப்ட்டு யாருக்கு என்ன ஆயிடப்போகுது? இனிப்புதானே?” என்றார் அண்ணன்.

“லேபிள்ல தேன்னு போட்டிருக்கு அண்ணா.”

அண்ணன் கையைக் கழுவ எழுந்துவிட்டார். அன்றைக்கு எதுவும் முடிவாகவில்லை. சிவப்பு நாடா மட்டும் அப்படியே இருந்தது, ஏனென்றால் அதைப் பிரிக்கிற அதிகாரம் அவள் ஒருத்திக்குத்தான் என்று கம்பெனி விதியில் அண்ணனே எப்போதோ கையெழுத்துப் போட்டிருந்தார், படிக்காமல்.

இடையில் குழு மறுபடி கூடியது. புதுக் கேள்விகளை மார்க் சேர்க்காமல் ஒருமுறை உண்மைத் தேர்வில் கலந்து வைத்துப் பார்த்திருந்தார்கள். அதன் கணக்கு வந்திருந்தது. தேன் கேள்விக்கு ஏறக்குறைய எல்லோருமே இ-யைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நன்றாகப் படித்தவன், அரைகுறையாகப் படித்தவன், பேனா கடன் வாங்கி எழுதியவன், எல்லோரும் சரி.

“பயன்படாத கேள்வி” என்றார் வாத்தியார். தெரிந்தவனையும் தெரியாதவனையும் பிரிக்காத கேள்வியால் என்ன லாபம் என்று அதை எடுத்துவிடச் சொன்னார்.

பிஸ்கட்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. “சார், எல்லாரும் சரியா எழுதறாங்க. வேலைல யாரும் செய்யறதில்ல. அத எப்படி அளக்கறது?”

“நான் அளக்கறது அதில்லீங்க” என்றார் வாத்தியார், கோபமே இல்லாமல். அடுத்த கேள்வியைத் திரையில் போட்டார். எண்ணெய்க்காரருக்கு நிம்மதி. நாற்பது என்று கணித்த தன் எண்ணை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

மாதக் கடைசியில், அண்ணன் கம்பெனியிடம் அதிகமாக வாங்குகிற, பல கிளைகள் உள்ள கடைச் சங்கிலியின் தணிக்கையாளர் வந்தார். இளம் பெண், கையில் மடிக்கணினி, காலில் சொந்தமாகக் கொண்டுவந்த பாதுகாப்புக் காலணி. உணவுக் காவல் பகுதியில் அவள் மனம் மகிழ்ந்தாள். கேமராக்களை எண்ணிப் பார்த்தாள், பூட்டுகளை இழுத்துப் பார்த்தாள். மோசடி மதிப்பீட்டுக்கு வந்ததும் நின்றாள். போன வருடம் ‘குறைவு’ என்று இருந்தது இந்த வருடம் ‘அதிகம்’ ஆகியிருக்கிறதே, ஏன்? அண்ணன் உடனே, எங்கள் கண்டிப்பு கூடியிருக்கிறது, அவ்வளவுதான் என்று சிரித்தார். மைத்துனர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

தணிக்கையாளர் தேன்காரம்மாவைப் பார்த்தாள். “சோதனைக்கு அனுப்பினீங்களா?”

“அனுப்பினேன். அரிசிப் பாகு இருக்கு. கிடங்குல இருக்கறத நிறுத்திட்டேன்.”

“இதே சப்ளையரோட முந்தின லோடு?”

அண்ணன் மேசைக்கு அடியில் தங்கையின் காலை மிதித்தார். சின்ன வயதில் விருந்தாளிகள் முன்னால் இப்படி மிதிப்பார், அப்போது அவள் வாயை மூடிக்கொள்வாள்.

“உங்க கடைகளுக்குத்தான் வந்திருக்கு” என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கடைச் சங்கிலி பாட்டில்களை அலமாரியிலிருந்து எடுத்தது. அதிகாரிகள் வந்து டிரம்களுக்கு முத்திரை வைத்தார்கள். ஆர்டர் நின்றது. தணிக்கை அறிக்கையில் அண்ணன் கம்பெனிக்குப் பெரிய குறைபாடு ஒன்று எழுதப்பட்டது. அதே தெருவில், அதே வறட்சிப் பகுதியிலிருந்து தேன் வாங்கும் இன்னொரு கம்பெனியின் மதிப்பீட்டில் எல்லாம் ‘குறைவு’ என்றிருந்ததால் அவர்களுக்கு ஒரு குறையும் எழுதப்படவில்லை. கடைச் சங்கிலி கொடுத்த பாராட்டுக் கடிதத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்களாம்.

அண்ணன் பல நாள் அவளோடு பேசவில்லை. பேசியபோது ஒரே வாக்கியம்தான் சொன்னார். உனக்குப் பரீட்சையில் பதில் சொல்லத் தெரியும், கம்பெனி நடத்தத் தெரியாது என்றார். அவளை வேலையைவிட்டு அனுப்பவும் முடியவில்லை, இந்தச் சமயத்தில் தர மேலாளர் போனால் கடைச் சங்கிலி கதவை நிரந்தரமாக மூடிவிடும். அவள் போகவும் இல்லை. யாரும் போகச் சொல்லாத, யாரும் பேசவும் செய்யாத இடத்தில் இருப்பது எப்படி என்று இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டாள்.

மறுபடி ஆர்டர் வேண்டுமென்றால் மோசடி மதிப்பீட்டுக்குச் சான்றிதழ் பெற்ற தனிப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும் என்று கடைச் சங்கிலி நிபந்தனை போட்டது. தங்கைக்கு அந்தச் சான்றிதழ் உண்டு. அவளிடம் கேட்க அண்ணனுக்கு மனமில்லை. மைத்துனரைத் தேர்வுக்கு அனுப்பினார். நெருங்கிய உறவுக்காரர் தேர்வு எழுதினால் குழுவில் இருக்கக்கூடாது என்பதால், தேன்காரம்மா வாத்தியாருக்கு எழுதி விலகிக்கொண்டாள். அவர் நன்றி தெரிவித்து, அவளுடைய கணிப்புகள் சற்று அதிகமாகவே இருந்தாலும் உழைப்பு பாராட்டத்தக்கது என்று பதில் எழுதினார்.

மைத்துனர் உண்மையாகவே படித்தார். காலையில் கிடங்கில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தார். வாய்ப்பு, தூண்டுதல், கட்டுப்பாடு என்று மூன்று விரலை மடக்கிப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் விளக்கினார். பாஸானார். அதிலும் மோசடிப் பகுதியில்தான் அவருக்கு அதிக மார்க். அண்ணி அன்றைக்குத்தான், சண்டைக்குப் பிறகு முதல்முறையாக, தேன்காரம்மாவுக்குத் தட்டில் பரிமாறினாள், தம்பியின் மார்க்கைச் சொல்லிக்கொண்டே.

சான்றிதழ் வந்ததிலிருந்து அவர் ஆளே மாறிவிட்டார். யாரையும் நம்பவில்லை. அலுவலகத்துக்குப் பால் கொண்டுவருபவரிடம் பாலின் மூலம் எது என்று கேட்டார். அட்டைப்பெட்டிக்காரரிடம், உங்களுக்கு ஏமாற்றத் தூண்டுதல் ஏதாவது இருக்கிறதா என்று நேராகவே கேட்டுவிட்டார். அந்த மனிதர் போன மாத பில்லுக்குப் பணமே இன்னும் வரவில்லை, அதுதான் தூண்டுதல் என்றார்.

ஆர்டர் மறுபடி தொடங்கி, புதுச் சப்ளையரின் முதல் லோடு வந்தது. இந்தமுறை சான்றிதழில் எல்லாச் சோதனையும் இருந்தது. விலை மார்க்கெட்டைவிடக் கொஞ்சம் குறைவு. கொஞ்சம்தான் என்று மைத்துனர் இரண்டு தடவை சொன்னார். தேன்காரம்மா சண்டைக்குத் தயாராகத்தான் கிடங்குக்குப் போனாள். அவர் அதற்குள் கையுறை போட்டு, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் முறையாக மாதிரி எடுத்து, குப்பியில் முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்.

“லேபுக்கு அனுப்பறீங்களா?” என்று கேட்டாள், நம்பமுடியாமல்.

“அனுப்பாம? அவங்க சான்றிதழ் அவங்களுக்கு, நம்ம சோதனை நமக்கு. அதான் அக்கா சரியான பதில்.”

அவளுக்கு ஒரு நிமிடம் அவர் மேல் உண்மையிலேயே பாசம் வந்தது. பெட்டியை மூட அவளும் கை கொடுத்தாள்.

மைத்துனர் கையுறையைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ரிசல்ட் வர எப்படியும் பத்து நாள் ஆகும். அதுக்குள்ள பாட்டில்ல போட்டு அனுப்ப ஆரம்பிச்சுடலாம்ல அக்கா?”

தேன்காரம்மா மாதிரிப் பெட்டியோடு அவரை வெளியே அனுப்பிவிட்டு, கிடங்குக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலிலேயே ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.